பிப்ரவரி டாலர், மே மாத ரூபாய்

வங்கியில் விழுந்தது 17,18,137 ரூபாய் 50 காசு. கணக்குப் புத்தகத்தில் அந்த வெளிநாட்டுப் பார்ட்டியின் பெயரில் நின்ற பாக்கி 17,40,000 ரூபாய். நடுவில் 21,862 ரூபாய் 50 காசு துண்டு விழுகிறது. கரூரில் மேஜை விரிப்பும் சமையலறைத் துண்டும் தைத்து, தூத்துக்குடி வழியாகக் கப்பலேற்றும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு வரவு வந்தால் கணக்கு எழுதுகிறவர் வழக்கமாக என்ன செய்வார்? “ரேட்டு அடிச்சிருச்சுங்க” என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லுவார். துண்டு விழுந்த தொகை முழுவதையும் ‘செலாவணி நட்டம்’ என்ற தலைப்பில் போட்டுப் பார்ட்டி கணக்கை நேர் செய்துவிடுவார். பாக்கி பூஜ்யமாகிவிடும், முதலாளியும் அடுத்த ஆர்டரைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த ஒரு பதிவில் மூன்று தப்பு இருக்கிறது. நட்டத்தின் அளவு தப்பு, அது எழுதப்பட்ட ஆண்டு தப்பு, திரும்பி வரவேண்டிய வரிப்பணம் ஒன்றும் நட்டத்தோடு நட்டமாகக் கரைந்துபோயிற்று. மூன்றும் எப்படி நேர்கின்றன என்பதைப் பார்க்க, ஒரே ஒரு இன்வாய்ஸை முதலிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்தால் போதும். நிறுவனமும் ரேட்டுகளும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் ரூபாய் இப்படி ஆடுவது கற்பனை அல்ல. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் 87 ரூபாயைத் தாண்டியிருந்த டாலர் மார்ச் கடைசியில் 85 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டிப் போனது.

நம் இன்வாய்ஸின் மதிப்பு 20,000 டாலர். வாங்குபவர் அமெரிக்காவில் இருக்கிறார். கப்பல் நிறுவனம் கொடுக்கும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் தேதியிலிருந்து 90 நாளில் பணம் தருவதாகப் பேச்சு. அந்த ரசீதின் தேதி பிப்ரவரி 12. அன்றைக்கு டாலர் 87 ரூபாய்.

முதல் வேலை, விற்பனையைப் பதிவது. இந்தியாவில் இதற்கான விதி, பட்டயக் கணக்காளர் கழகம் வகுத்த கணக்குத் தரம் 11. ஆடிட்டர்கள் ‘ஏ.எஸ். 11’ என்பார்கள். அது சொல்வது எளிது: வியாபாரம் நடந்த நாளின் ரேட்டில் ரூபாயாக மாற்றி எழுது. வியாபாரம் நடந்த நாள் எது என்பதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். இன்வாய்ஸ் அடித்த நாளில் சரக்கு இன்னும் நம் குடோனில்தான் இருக்கும். எஃப்.ஓ.பி. பேச்சில் சரக்கு கப்பலில் ஏறியதும்தான் அதன் பொறுப்பு வாங்குபவருக்குப் போகிறது. ஆகவே பில் ஆஃப் லேடிங் தேதியை எடுப்பதே சரி. பல சிறு நிறுவனங்கள் இன்வாய்ஸ் தேதியையே எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் சில நாள் இடைவெளியில் வந்தால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் மார்ச் 28ஆம் தேதி இன்வாய்ஸ் அடித்து, ஏப்ரல் 3ஆம் தேதி கப்பல் கிளம்பினால், அந்த விற்பனை எந்த ஆண்டுக்கானது என்பதே மாறிவிடும்.

20,000 டாலரை 87 ரூபாயால் பெருக்கினால் 17,40,000 ரூபாய். பார்ட்டி கணக்கில் பற்று, ஏற்றுமதி விற்பனையில் வரவு. இனிமேல் டாலர் எங்கே போனாலும் இந்த விற்பனைத் தொகையைத் தொடக்கூடாது. துண்டைத் தைத்து விற்றதில் வந்தது 17,40,000 ரூபாய். அது அன்றோடு முடிந்துபோன கதை. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம், வரவேண்டிய டாலரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதால் வரும் லாபமோ நட்டமோதான். வியாபாரத்தில் வந்ததையும் காத்திருந்ததில் வந்ததையும் வேறு வேறு தலைப்பில் வைப்பதுதான் இந்த விதியின் உயிர்நாடி. செலாவணி லாபத்தை விற்பனையோடு சேர்த்து எழுதி, ‘இந்த வருஷம் டர்ன்ஓவர் கூடியிருக்கிறது’ என்று சந்தோஷப்படும் முதலாளிகள் உண்டு. அந்த டர்ன்ஓவரில் ஒரு பங்கு அவர்கள் தைத்த துணியால் வந்ததல்ல.

இங்கேயே ஒரு குழப்பம் வரும். ஷிப்பிங் பில்லை எடுத்துப் பார்த்தால் அதில் வேறு ரேட் இருக்கும். சுங்கத் துறை மாதம் இருமுறை ஒரு ரேட்டை அறிவிக்கிறது. ஏற்றுமதிக்கு ஒன்று, இறக்குமதிக்கு ஒன்று. சரக்கு ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி விதிகளும் அந்தச் சுங்க ரேட்டைத்தான் எடுக்கச் சொல்கின்றன. அது 86 ரூபாய் 40 காசாக இருந்தால் ஷிப்பிங் பில்லிலும் ஜிஎஸ்டி ரிட்டர்னிலும் 17,28,000 ரூபாய் இருக்கும்; கணக்குப் புத்தகத்தில் 17,40,000. இந்த 12,000 ரூபாய் லாபமும் அல்ல, நட்டமும் அல்ல. ஒரே விற்பனையை இரண்டு துறைகள் இரண்டு ரேட்டில் பார்க்கின்றன, அவ்வளவுதான். ஆண்டு முடிவில் இன்வாய்ஸ் வாரியாக ஒரு பட்டியல் போட்டு, டாலர் தொகை இரண்டிலும் ஒன்றுதான் என்று காட்டினால் கேள்வி அடங்கிவிடும். இதற்காகக் கிரெடிட் நோட்டோ டெபிட் நோட்டோ போடத் தேவையில்லை. பணம் வரும்போது ரேட் மாறியிருந்தாலும் அதே பதில்தான். இன்வாய்ஸின் டாலர் தொகை மாறவில்லை என்றால் ஜிஎஸ்டி ரிட்டர்னில் திருத்த எதுவும் இல்லை.

எதற்கு இரண்டு ரேட், புத்தகத்திலும் சுங்க ரேட்டையே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். பல ஊர்களில் நடைமுறையே அதுதான். அன்றைய ரேட்டுக்கு நெருக்கமான ஒரு ரேட்டை, ஒரு வாரத்தின் அல்லது மாதத்தின் சராசரியைக்கூட, எடுத்துக்கொள்ள ஏ.எஸ். 11 இடம் தருகிறது. ரேட் பெரிதாக ஆடாத காலமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நம் கணக்கில் 86.40இல் பதிந்திருந்தால் விற்பனை 12,000 குறைந்திருக்கும். பிறகு வரும் செலாவணி நட்டமும் அதே 12,000 குறைந்திருக்கும். மொத்த லாபம் மாறாது. ஆனால் விற்பனையில் எவ்வளவு, டாலரில் எவ்வளவு என்ற பங்கீடு மாறும். எந்த ரேட்டை எடுத்தாலும் ஆண்டு முழுவதும், எல்லா இன்வாய்ஸுக்கும், அதையே எடுக்க வேண்டும். லாபம் வேண்டும்போது ஒன்றும் வரி குறைய வேண்டும்போது ஒன்றுமாக மாற்றுகிறவர்கள் ஆடிட்டரிடம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அடுத்த நிறுத்தம் மார்ச் 31. பணம் இன்னும் வரவில்லை, தவணையே மே 13இல்தான். சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் இடம் இது. ‘பணமே வரலையே, நட்டம்னு எப்படி எழுதறது?’ என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பேலன்ஸ் ஷீட் என்பது அன்றைக்கு நமக்கு உள்ளதையும் வரவேண்டியதையும் சொல்லும் தாள். அன்றைக்கு டாலர் 85 ரூபாய் 50 காசு என்றால், வரவேண்டிய 20,000 டாலரின் மதிப்பு 17,10,000 ரூபாய்தான். 17,40,000 என்று எழுதி வைத்தால் அன்றைக்கு இல்லாத 30,000 ரூபாயை இருப்பதாகக் காட்டுகிறோம். ஆகவே செலாவணி நட்டத்தில் 30,000 பற்று, பார்ட்டி கணக்கில் 30,000 வரவு. பார்ட்டியின் ரூபாய்ப் பாக்கி குறைகிறது. டாலர் பாக்கி 20,000ஆகவே நிற்கிறது.

டாலர் ஏறியிருந்தால் இதே பதிவு தலைகீழாக வரும், கைக்கு வராத லாபத்தை லாபமாக எழுத வேண்டியிருக்கும். அங்கேதான் முதலாளிகளுக்கு வயிறு எரியும், ஏனென்றால் அதற்கு வருமான வரியும் உண்டு. இதைப் பற்றி நீதிமன்றத்தில் நெடுங்காலம் வழக்காடியிருக்கிறார்கள். ஆண்டு முடிவில் ரேட் மாறியதால் எழுதிய நட்டத்தை வருமான வரித் துறை ‘இது வெறும் கற்பனை நட்டம்’ என்று தள்ளிவிட்டது. வுட்வர்ட் கவர்னர் இந்தியா வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரவு செலவு உரிமையாகும்போதே கணக்கு எழுதும் முறையில், கணக்குத் தரப்படி ஆண்டு முடிவில் எழுதிய நட்டம் உண்மையான நட்டமே என்றது. பிறகு 2018 நிதிச் சட்டம் இதை வருமான வரிச் சட்டத்திலேயே சேர்த்து, 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து செல்லும்படி செய்தது. ஆகவே நட்டம் என்றால் கழிக்கலாம். லாபம் என்றால் பணம் வராவிட்டாலும் காட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை.

மார்ச் 31இன் ரேட்டை எங்கிருந்து எடுப்பது? எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் வேலை நாட்களில் வெளியிடும் குறிப்பு ரேட்டைப் பலரும் எடுக்கிறார்கள். 2018 ஜூலைக்கு முன்பு ரிசர்வ் வங்கி வெளியிட்டு வந்த ரேட்டின் தொடர்ச்சிதான் அது. வங்கி நம்மிடம் டாலரை வாங்கும் ரேட்டை எடுப்பவர்களும் உண்டு. அது கொஞ்சம் குறைவாக, கையில் வரப்போகும் தொகைக்கு நெருக்கமாக இருக்கும். மார்ச் 31 விடுமுறையாகிவிட்டால் அதற்கு முந்தைய வேலை நாளின் ரேட். எது எடுத்தாலும் அந்த ரேட் வந்த பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த செப்டம்பரில் ஆடிட்டர் கேட்கும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆண்டு முடிவில் இப்படி மாற்ற வேண்டியது டாலராக வரவேண்டியதையும் டாலராகத் தரவேண்டியதையும் மட்டும்தான். டாலரிலேயே வைத்திருக்கும் இ.இ.எஃப்.சி. வங்கிக் கணக்கின் இருப்பும் இதில் சேரும். ஆனால் வாங்குபவர் அனுப்பிய முன்பணம் சேராது. டிசம்பரில் இன்னொரு ஆர்டருக்கு 6,000 டாலர் முன்பணம் வந்து, வங்கி அதை 5,10,000 ரூபாயாக மாற்றிக் கொடுத்துவிட்டது என்றால், நாம் அவருக்குக் கடன்பட்டிருப்பது துணி, டாலர் அல்ல. டாலர் 90க்குப் போனாலும் 80க்கு வந்தாலும் அந்த 5,10,000 அப்படியே நிற்கும். பின்னால் சரக்கு போகும்போது விற்பனையின் அந்தப் பங்குக்கும் முன்பணம் வந்த நாளின் ரேட்டையே எடுப்பது பொருத்தம். பெரிய நிறுவனங்களுக்கான கணக்குத் தரத்தில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. முன்பணத்தையும் பாக்கியையும் ஒரே பார்ட்டி லெட்ஜரில் கலந்து வைத்தால், ஆண்டு முடிவில் மென்பொருள் இரண்டையும் ஒரே கணக்காக எண்ணி மாற்றிவிடும். முன்பணத்துக்குத் தனி லெட்ஜர் வைத்துக்கொள்வது நல்லது.

மென்பொருள் என்றதும் டாலியைப் பற்றி ஒரு வார்த்தை. டாலர் கரன்சியை அதில் உருவாக்கி, பார்ட்டி லெட்ஜரை டாலரிலேயே வைத்திருந்தால், விற்பனையில் ஒரு ரேட்டும் வரவில் வேறு ரேட்டும் போட்டதுமே அது வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுவிடும். அப்புறம் பேலன்ஸ் ஷீட்டைத் திறந்தால் `Unadjusted Forex Gain/Loss` என்று ஒரு வரி தெரியும். பலர் அதைப் பார்த்துவிட்டு டாலி தானாகவே எழுதிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எழுதவில்லை. ‘வித்தியாசம் இவ்வளவு இருக்கிறது, நீ இன்னும் பதியவில்லை’ என்று நமக்குச் சொல்கிறது. இதற்கென்று வகுப்பு அமைத்த ஜர்னல் வவுச்சரில் லாபத்தையோ நட்டத்தையோ நாமே போட்டால்தான் அந்த வரி மறையும். ஆண்டு முடிவுக் கணக்கில் அந்த வரி நின்றுகொண்டிருந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள். ஏற்றுமதி விற்பனை இருந்தும் அந்த வரி எப்போதும் வருவதே இல்லையென்றால் அது இன்னும் மோசம். இன்வாய்ஸை டாலரில் போடாமல் கால்குலேட்டரில் பெருக்கி ரூபாயில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் எந்தப் பார்ட்டி எத்தனை டாலர் தரவேண்டும் என்பது புத்தகத்தில் எங்குமே இருக்காது.

இப்போது மே 14. பணம் வந்துவிட்டது. வாங்குபவர் அனுப்பியது முழுசாக 20,000 டாலர்தான். வழியில் இருந்த வெளிநாட்டு வங்கி 25 டாலரைப் பிடித்துக்கொண்டது. நம் வங்கிக்கு வந்தது 19,975 டாலர். அன்றைக்கு நம் வங்கி கொடுத்த ரேட் 86 ரூபாய் 10 காசு. ஆக 17,19,847 ரூபாய் 50 காசு. அதிலிருந்து வங்கி தன் கட்டணமாக 500 ரூபாயும் ஜிஎஸ்டியாக 1,210 ரூபாயும் கழித்துக்கொண்டது. மீதி 17,18,137.50 நம் கணக்கில் விழுந்தது.

500 ரூபாய் கட்டணத்துக்கு 1,210 ரூபாய் ஜிஎஸ்டியா என்று நிமிர்ந்து உட்காரலாம். கட்டணத்துக்கான வரி 90 ரூபாய்தான். மீதி, டாலரை ரூபாயாக மாற்றிக் கொடுத்த சேவைக்கான வரி. அந்தச் சேவைக்கு வங்கி தனியாகக் கட்டணம் எதுவும் காட்டுவதில்லை, அதன் லாபம் ரேட்டிலேயே அடங்கியிருக்கிறது. அதனால் மாற்றிய தொகையைக் கொண்டு சேவையின் மதிப்பைக் கணக்கிட ஜிஎஸ்டி விதியில் ஒரு சூத்திரம் உண்டு. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் 5,500 ரூபாயும், 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 0.1 சதவீதமும் சேர்த்து மதிப்பு. அதன் மேல் 18 சதவீதம் வரி. நம் தொகைக்கு அது ஏறக்குறைய 1,120 ரூபாய் வருகிறது.

இனி பிரிக்கலாம். மார்ச் 31இல் பார்ட்டி பாக்கியை 17,10,000க்கு இறக்கி வைத்திருந்தோம். 20,000 டாலருக்கு 86.10 கிடைத்ததால் அது 17,22,000 ஆகிறது. ஆக இந்தப் புதிய நிதியாண்டில் செலாவணி லாபம் 12,000 ரூபாய். நட்டமல்ல, லாபம். 25 டாலரை அதே ரேட்டில் பெருக்கினால் 2,152.50, அதோடு நம் வங்கியின் 500ஐச் சேர்த்தால் வங்கிக் கட்டணம் 2,652.50. ஜிஎஸ்டி 1,210 ரூபாய் செலவே அல்ல. வங்கியின் வரி விவரத்தில் நம் ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தால் அது உள்ளீட்டு வரி வரவு. ஏற்றுமதியாளர் அதைத் திரும்பக் கேட்கும் தகுதி உள்ளவர்.

முதலில் துண்டு விழுந்த 21,862.50ஐ இப்போது பார்த்தால் அதன் உட்பிரிவு தெரிகிறது. செலாவணியில் போனது மொத்தம் 18,000தான். அதுவும் போன ஆண்டில் 30,000 நட்டம், இந்த ஆண்டில் 12,000 லாபம். கட்டணம் 2,652.50. திரும்ப வரவேண்டியது 1,210. கூட்டிப் பாருங்கள், காசு பிசகாமல் 21,862.50 வரும். ஒரே தலைப்பில் தட்டியவர், போன ஆண்டின் லாபத்தை 30,000 கூட்டிக் காட்டி அதற்கு வரியும் கட்டியிருக்கிறார். இந்த ஆண்டில் 12,000 லாபம் என்று எழுத வேண்டியவர் கிட்டத்தட்ட 22,000 நட்டம் என்று எழுதியிருக்கிறார். 1,210 ரூபாயைக் கேட்கவே இல்லை. ஒரு இன்வாய்ஸில் இது சின்னத் தொகை. மாதம் நாலைந்து வரவு வரும் நிறுவனத்தில் ஆண்டு முடிவில் சின்னதாக இராது.

வாங்குபவர் குறைத்துக்கொள்ளும் தொகையிலும் இதே குழப்பம் நேரும். சாயம் ஒரு லாட்டில் வெளிறிப்போனது என்று சொல்லி 400 டாலரைக் கழித்துக்கொண்டு 19,600 மட்டும் அனுப்புவார். துண்டு விழுந்தது ரூபாயில் தெரிவதால் அதையும் ‘ரேட் வித்தியாசம்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். இது தரத்துக்காகக் கொடுத்த தள்ளுபடி. கிரெடிட் நோட் போட்டு விற்பனையில் குறைக்க வேண்டியது. அதோடு, வங்கியிலும் இந்த ஷிப்பிங் பில்லுக்கு 20,000 டாலர் வரவேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கணினி அமைப்பில் பதிவாகியிருக்கும். குறைந்த 400 டாலருக்குக் காரணமும் கடிதமும் கொடுக்காவிட்டால் அந்த ஷிப்பிங் பில் முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. செலாவணி லாப நட்டம் டாலரில் ஒருபோதும் வராது, ரூபாயில்தான் வரும். பார்ட்டி லெட்ஜரின் டாலர் பத்தியில் ஒரு டாலர் குறைந்தாலும் அதற்குக் காரணம் ரேட் அல்ல. கட்டணம், தள்ளுபடி, வராக்கடன் இவற்றில் ஏதோ ஒன்று.

முன்கூட்டியே ரேட்டைப் பூட்டிக்கொள்ள வங்கியோடு ஃபார்வர்டு ஒப்பந்தம் போடுகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். பிப்ரவரி 12 அன்றே, மே நடுவில் 20,000 டாலரை 87 ரூபாய் 45 காசுக்கு விற்பதாக ஒப்பந்தம் போட்டிருந்தால், அன்றைய 87க்கு மேல் கிடைக்கும் 45 காசு, அதாவது 9,000 ரூபாய், ஒப்பந்தம் ஓடும் நாட்களுக்குப் பங்கிட்டு எழுதப்படும். மார்ச் 31வரை ஓடிய நாட்களின் பங்கு அந்த ஆண்டுக்கு, மீதி அடுத்த ஆண்டுக்கு. பாக்கியில் எழுதும் 30,000 நட்டத்துக்கு எதிராக ஒப்பந்தத்தில் அதே 30,000 லாபமாக வரும். இது ஏற்கெனவே கப்பலேறி, பாக்கி நிற்கும் சரக்குக்கு மட்டும் பொருந்தும் முறை. இன்னும் தைக்காத ஆர்டருக்கு எதிராகப் போட்ட ஒப்பந்தத்துக்கு வேறு விதி. அதை ஆடிட்டரிடம் கேட்காமல் எழுத வேண்டாம்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் செலாவணிக் கணக்கு சொல்லாத ஒன்று உண்டு. நம் கரூர் நிறுவனம் விலை பேசியது பிப்ரவரியில் அல்ல, நவம்பரில். அன்றைய ரேட்டை மனதில் வைத்து நூல் விலை, நெசவுக் கூலி, சாயம், தையல் எல்லாம் கூட்டி ஒரு துண்டுக்கு இத்தனை சென்ட் என்று சொல்லியிருப்பார்கள். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் டாலர் ஒரு ரூபாய் இறங்கியிருந்தால் 20,000 ரூபாய் போயிற்று. அது செலாவணி நட்டத்தில் எங்கும் தெரியாது. விற்பனையே 20,000 குறைவாகப் பதிவாகியிருக்கும், அவ்வளவுதான். கணக்குத் தரம் பார்ப்பது விற்ற நாளிலிருந்து பணம் வந்த நாள்வரை. வியாபாரி தாங்கும் ஆபத்து விலை சொன்ன நாளிலிருந்து தொடங்குகிறது. ‘செலாவணியில் நமக்கு 18,000தானே போச்சு’ என்று லெட்ஜரைப் பார்த்து ஆறுதல் அடைகிறவர், அதைப்போல இன்னொரு மடங்கு விற்பனைக்குள் ஒளிந்திருப்பதைப் பார்ப்பதில்லை.

இதற்குக் கணக்குப் புத்தகத்தில் இடம் இல்லை. ஆர்டர் பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் விலை சொன்ன நாளின் ரேட், பில் ஆஃப் லேடிங் நாளின் ரேட், பணம் வந்த நாளின் ரேட் என்று மூன்று பத்தி சேர்த்துவிடுங்கள். கடைசி இரண்டும் ஆடிட்டருக்கு. முதலாவது, அடுத்த முறை விலை சொல்லும்போது உங்களுக்கு.